பழைய சீட்டும் புதிய சீட்டும்: குழுக் கூட்டத்தில் விலைவாசியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் விலைவாசி பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால், முதல் அரை மணி நேரத்துக்குப் ‘பணவீக்கம்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். அந்தச் சொல் வந்த உடனே பேச்சு டிவி செய்தியாக மாறிவிடும். எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் பிடிபட்டிருக்காது. இரண்டு மளிகைச் சீட்டு இருந்தால் போதும். ஒன்று இந்த மாதத்துடையது, இன்னொன்று போன வருடம் இதே மாதத்துடையது. கூடவே ஒரு கரும்பலகை அல்லது சார்ட் பேப்பர்.

போன மாதச் சீட்டு வேண்டாம், போன வருடச் சீட்டுதான் வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. காய்கறிக்கும் முட்டைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, முட்டையும் கறியும் இறங்கும். அடுத்து ஐப்பசி மழையில் காய்கறி வரத்து குறையும், விலை ஏறும். புரட்டாசியை ஐப்பசியோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது பருவத்தைத்தான். புரட்டாசியைப் புரட்டாசியோடு வைத்துப் பார்த்தால்தான் விலைவாசி தெரியும்.

பழைய சீட்டு எங்கே கிடைக்கும்? சூப்பர் மார்க்கெட் பில் ஆறு மாதத்தில் வெளுத்துப்போய்விடும், அது சூட்டில் அச்சாகும் தாள். அண்ணாச்சி கடையில் கடன் கணக்கு வைத்திருக்கும் உறுப்பினரின் சிறு நோட்டுதான் இதற்கு மிக நல்ல ஆதாரம். அதில் தேதி, பொருள், அளவு, விலை நான்கும் இருக்கும். முந்தைய கூட்டத்திலேயே சொல்லிவைத்தால் இருபது பேர் உள்ள குழுவில் இரண்டு நோட்டாவது வந்துவிடும்.

அளவை மாற்றாதீர்கள்

கூட்டத்தில் முதலில் வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: “போன வருசமும் மளிகைக்கு நாலாயிரம்தான் எடுத்து வச்சேன், இப்பவும் நாலாயிரம்தான். எங்க வீட்டுல ஒண்ணும் ஏறலைக்கா.” அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, “போன வருசம் எண்ணெய் எவ்வளவு வாங்குனீங்க, இப்ப எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். மூன்று லிட்டர் வாங்கிய வீட்டில் இப்போது இரண்டரை லிட்டர் வரும். இரண்டு கிலோ பருப்பு ஒன்றே முக்கால் ஆகியிருக்கும். சாம்பார் கொஞ்சம் தண்ணியாகியிருக்கும். ரூபாய் ஏறவில்லை, தட்டில் இருப்பது இறங்கியிருக்கிறது. செலவை மட்டும் எழுதிவைக்கும் வீட்டில் விலை ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

ஆகவே கணக்குக்கு ஒரே ஒரு விதி. அளவு இரண்டு வருடத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், விலையை மட்டும் மாற்ற வேண்டும். போன வருடம் வாங்கிய அதே அளவை இன்றைய விலையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஏழு பொருளைப் பலகையில் எழுதுங்கள். கீழே உள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. கூட்டத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ரேஷனில் வாங்குவதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது தனிக் கணக்கு.

| பொருள் | மாத அளவு | போன வருட விலை | இந்த வருட விலை | போன வருடச் செலவு | இந்த வருடச் செலவு |
|---|---|---|---|---|---|
| புழுங்கல் அரிசி | 25 கிலோ | 52 | 56 | 1,300 | 1,400 |
| துவரம் பருப்பு | 2 கிலோ | 150 | 165 | 300 | 330 |
| எண்ணெய் | 3 லிட்டர் | 120 | 150 | 360 | 450 |
| பால் | 30 லிட்டர் | 44 | 46 | 1,320 | 1,380 |
| தக்காளி | 6 கிலோ | 25 | 50 | 150 | 300 |
| வெங்காயம் | 6 கிலோ | 40 | 30 | 240 | 180 |
| முட்டை | 60 | 5.50 | 6.00 | 330 | 360 |
| மொத்தம் | | | | 4,000 | 4,400 |

நானூறு ரூபாய் கூடியிருக்கிறது. நாலாயிரத்துக்கு நானூறு என்றால் நூற்றுக்குப் பத்து. இந்த வீட்டின் மளிகைக் கூடைக்கு விலைவாசி 10 சதவீதம் ஏறியிருக்கிறது. இந்த இடத்தில் ‘பணவீக்கம்’ என்ற சொல்லைச் சொல்லலாம். கூடை முழுவதற்குமாக ஒரு வருடத்தில் விலை எத்தனை சதவீதம் ஏறியது என்பதற்கு அதுதான் பெயர். தக்காளி ஏறியதோ எண்ணெய் ஏறியதோ தனியாகப் பணவீக்கம் ஆகாது. வெங்காயம் இறங்கியதும் இந்தப் பத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தப் பத்து சதவீதத்தை வீட்டு மொழியில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதே நாலாயிரத்தை வைத்துக்கொண்டு அதே அளவில் சமைத்தால், கூடையில் பதினொன்றில் பத்துப் பங்குதான் கிடைக்கும். 30 நாள் ஓடிய மளிகை 27 நாளில் தீரும். மூன்று நாளுக்கு வழி தேட வேண்டும். சதவீதத்தைக் கேட்டு அமைதியாக இருந்தவர்கள் இந்த இடத்தில் பேசத் தொடங்குவார்கள், ஏனென்றால் அந்த மூன்று நாள் எல்லாருக்கும் தெரிந்த நாள். மாதாமாதம் மாறாத தொகையாக வரும் எந்தப் பணத்துக்கும் இதே கதிதான். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கூடையைப் போலப் பத்து சதவீதம் ஏறினால், அந்த ஆயிரம் போன வருடத்தின் 909 ரூபாய் செய்த வேலையைத்தான் செய்யும்.

தக்காளியைக் குற்றம் சொல்வதற்கு முன்

இந்தக் கணக்கில் படித்தவர்கள்கூடத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பொருள் பொருளாக எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டி ஏழால் வகுப்பார்கள். தக்காளி 100, எண்ணெய் 25, பருப்பு 10, முட்டை 9, அரிசி கிட்டத்தட்ட 8, பால் நாலரை. வெங்காயம் 25 இறங்கியிருக்கிறது. இப்படிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 19 வரும். உண்மையில் கூடியது பத்துதான். ஒன்பது சதவீதம் எங்கிருந்து வந்தது? தக்காளிக்கும் அரிசிக்கும் ஒரே இடம் கொடுத்ததால் வந்தது. 1,300 ரூபாய்க்கு அரிசி வாங்கும் வீடு தக்காளிக்கு 150 ரூபாய்தான் கொடுக்கிறது.

இதைக் காட்டக் கடுகு நல்ல உதாரணம். கால் கிலோ கடுகு 25 ரூபாயிலிருந்து 50 ஆனால், அது நூறு சதவீத ஏற்றம், கேட்டால் பகீரென்றிருக்கும். வீட்டுச் செலவில் கூடுவது 25 ரூபாய். அரிசி கிலோவுக்கு நாலு ரூபாய் ஏறினால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் அது நூறு ரூபாயைக் கொண்டுபோய்விடும். பால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் மாதம் அறுபது. எந்தப் பொருள் எத்தனை சதவீதம் ஏறியது என்பதோடு, வீட்டுச் செலவில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு கணக்கெடுக்கும்போதும் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு பங்கு வைத்துத்தான் கூட்டுகிறார்கள்.

தக்காளி அதிகம் கண்ணில் படுவதற்குக் காரணம் வாரத்துக்கு இரண்டு தடவை வாங்குவதுதான். ஒவ்வொரு தடவையும் விலையைக் கேட்கிறோம். மூட்டையாக வாங்கும் அரிசியின் விலையை மாதத்துக்கு ஒரு முறைதான் கேட்கிறோம். மனதில் பதிவதும் பையில் குறைவதும் ஒன்றாக இருப்பதில்லை.

எந்த விலை இறங்கும், எது இறங்காது

நானூறு ரூபாயில் எவ்வளவு தங்கும், எவ்வளவு போய்விடும் என்பது குடும்பம் நடத்துகிறவருக்கு மொத்தத் தொகையைவிட முக்கியமான தகவல். இதற்கு ஒவ்வொரு பொருளும் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தக்காளி நாற்று நட்டு இரண்டு மாதத்தை ஒட்டிப் பறிப்புக்கு வரும். விலை அடிமட்டத்துக்குப் போகும்போது பறிகூலிக்கும் கட்டாது என்று விவசாயி செடியை உழுதுவிடுவார் அல்லது அடுத்த நடவை விட்டுவிடுவார். அந்தக் குறை இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் தெரியும், அதோடு மழையும் சேர்ந்தால் விலை பறக்கும். விலை ஏறியதைப் பார்த்து எல்லாரும் நடுவார்கள். மறுபடி இரண்டு மூன்று மாதத்தில் ஒட்டன்சத்திரத்திலும் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் வரத்து குவியும், விலை விழும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது நினைவிருக்கும். அந்த விலை நிற்கவில்லை. நம் கூடையிலும் தக்காளி மறுபடி 25-க்கு வந்தால் மொத்தம் 4,250 ஆகிவிடும். பத்து சதவீதம் ஆறேகாலாக இறங்கும்.

துவரை அப்படியில்லை. ஆனி, ஆடியில் விதைத்தால் மார்கழியிலிருந்துதான் அறுவடை, வருடத்துக்கு ஒரே போகம். துவரை அதிகம் விளையும் கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கம் மழை பொய்த்தால் அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டும். இடையில் மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் இறக்குமதி வந்தால் ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும். ஆகவே பருப்பு விலை ஏறினால் மாதக் கணக்கில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெயின் கதை கடல் கடந்தது. நாடு சமைக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும் சூரியகாந்தி எண்ணெய் பெருமளவு ரஷ்யா, உக்ரைன் பக்கத்திலிருந்தும் வருகின்றன. 2022-இல் அங்கே போர் மூண்டபோது நம்மூர் மளிகைக் கடையில் விலை ஏறியது அதனால்தான். டாலருக்கு அதிக ரூபாய் கொடுக்க வேண்டி வந்தாலும் ஏறும், வரி ஏறினாலும் ஏறும். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. உள்நாட்டு எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2025 மே 30 அன்று அது பத்தாகக் குறைந்தது. “நாங்க கடலை எண்ணெய்தான் ஊத்துறோம், எங்களுக்கு ஏன் ஏறணும்?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பாமாயில் ஏறும்போது அதை வாங்கியவர்களில் ஒரு பங்கு மற்ற எண்ணெய்க்கு மாறுவார்கள், ஒன்றைத் தொட்டு ஒன்று ஏறும்.

பாலும், கடை டீயும், இட்லியும் வேறு வகை. இவை ஏறினால் இறங்குவது அரிது. மாட்டுத் தீவனம், கொள்முதல் விலை, கூலி, வாடகை, காஸ் எல்லாம் உள்ளே இருக்கின்றன, அவற்றில் எதுவும் லேசில் இறங்குவதில்லை. கூட்டத்தில் பலகையில் உள்ள பொருள்களை ‘போய்வரும் விலை’, ‘நின்றுவிடும் விலை’ என்று இரண்டாகப் பிரித்து வட்டம் போடச் சொல்லுங்கள். பெண்கள் இதைச் சரியாகவே பிரிப்பார்கள். நம் உதாரணத்தில் தக்காளியையும் வெங்காயத்தையும் விட்டுவிட்டால் மற்ற ஐந்துக்கும் சேர்த்து 310 ரூபாய் கூடியிருக்கிறது. வீட்டு வரவு செலவில் இந்த 310-க்குத்தான் நிரந்தர இடம் தேட வேண்டும்.

டிவியில் குறைந்தது என்கிறார்கள், கடையில் குறையவில்லையே?

எந்தக் கூட்டத்திலும் தவறாமல் வரும் கேள்வி இது. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஒரு வீட்டுக் கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தை வருடாவருடம் கோடு போட்டு வைக்கிறார்கள். ஒரு வருடம் எட்டு சென்டிமீட்டர் வளர்ந்தான், அடுத்த வருடம் மூன்று சென்டிமீட்டர். வளர்ச்சி குறைந்துவிட்டது என்று சொல்லலாம். பிள்ளை குள்ளமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. பணவீக்கம் என்பது ஒரு வருடத்து வளர்ச்சி. நம் கூடை 4,000-லிருந்து 4,400 ஆனது பத்து சதவீதம். அடுத்த வருடம் மூன்று சதவீதம்தான் ஏறியது என்றால் செய்தியில் ‘பணவீக்கம் வெகுவாகக் குறைந்தது’ என்பார்கள். பில் 4,532 ஆகியிருக்கும்.

நடந்ததையே எடுத்துக்கொள்ளலாம். மத்தியப் புள்ளியியல் துறை மாதாமாதம் வெளியிடும் கணக்கின்படி 2024 அக்டோபரில் உணவுப் பொருள் விலை முந்தைய அக்டோபரைவிட 10.87 சதவீதம் ஏறியிருந்தது. 2025 அக்டோபரில் அது ஏறவில்லை, 5.02 சதவீதம் இறங்கியிருந்தது. ஒட்டுமொத்தப் பணவீக்கமும் 0.25 சதவீதம்தான். விலைவாசி விழுந்துவிட்டது என்று செய்தி வந்ததில் பிழையில்லை. ஆனால் பலகையில் போட்டுப் பாருங்கள். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கியது அடுத்த வருடம் 110 ரூபாய் 87 காசு. அதில் ஐந்து சதவீதம் கழிந்தால் சுமார் 105 ரூபாய் 30 காசு. இறங்கிய பிறகும் பழைய நூறுக்கு வரவில்லை. கடையில் நிற்கும் பெண்ணுக்கு நினைவில் இருப்பது அந்தப் பழைய நூறுதான்.

ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கும் விலை ஏறவே கூடாது என்பதல்ல. வருடத்துக்கு நாலு சதவீதம், இரண்டுக்குக் கீழேயும் ஆறுக்கு மேலேயும் போகாமல் என்பதே இலக்கு. ஆகவே பழைய விலை திரும்பும் என்று காத்திருந்து வீட்டுக் கணக்கு போடக் கூடாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டிவியில் வரும் எண்ணில் மளிகை மட்டுமில்லை. வாடகை, துணி, பஸ் கட்டணம், மருந்து, பள்ளிக் கட்டணம், போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 2012-ஐ அடிப்படையாக வைத்துப் பல வருடம் பயன்பட்ட குறியீட்டில் உணவுக்குக் கிராமத்தில் 54 சதவீதமும் நகரத்தில் 36 சதவீதமும் பங்கு வைத்திருந்தார்கள். வருமானம் குறைந்த வீட்டில் சாப்பாட்டுக்கு இன்னும் அதிகப் பங்கு போகும். உணவு பத்து சதவீதமும் மற்றவை இரண்டு சதவீதமும் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வருமானத்தைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் வீட்டுக்குப் பணவீக்கம் ஆறு. முக்கால் பங்கைச் செலவழிக்கும் வீட்டுக்கு எட்டு. ஒரே ஊர், ஒரே கடை, ஒரே விலை. ஆனால் இல்லாத வீட்டுக்கு ஏற்றம் அதிகம்.

விலை மாறாத பாக்கெட்

விலை அப்படியே இருக்கும், கிராம் குறையும். பிஸ்கட், டீத்தூள், சோப்பு, ஊறுகாய் என்று ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டில் வருவது எல்லாவற்றிலும் இது நடக்கும். சில்லறையாக ஒரே நோட்டில் வாங்குகிற பொருளுக்கு விலையை ஏற்றினால் விற்பனை அடிபடும், அதனால் எடையில் கைவைக்கிறார்கள். பத்து ரூபாய் பாக்கெட் 60 கிராமிலிருந்து 48 ஆனது என்று வைத்துக்கொள்வோம். எடை 20 சதவீதம் குறைந்தது. அதனால் விலை 20 சதவீதம் ஏறியது என்று நினைப்போம். அது தவறு. பழைய 60 கிராம் இப்போது வேண்டுமென்றால் பன்னிரண்டரை ரூபாய் ஆகும், ஏற்றம் 25 சதவீதம்.

எண்ணெயில் கவனம் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். லிட்டர் பாக்கெட் போலவே தோன்றி, உள்ளே 850 கிராமோ 750 கிராமோ இருக்கும் பாக்கெட்டுகள் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். 910 கிராம் 150 ரூபாய், 850 கிராம் 145 ரூபாய் என்றால் கை தானாக 145-க்குப் போகும். நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 16 ரூபாய் 48 காசு, இரண்டாவது 17 ரூபாய் 6 காசு. பெரிய டின்னிலும் இதே வேறுபாடு வரும். 15 லிட்டர் டின் வேறு, 15 கிலோ டின் வேறு. 15 கிலோ டின்னில் சுமார் பதினாறரை லிட்டர் இருக்கும்.

அரிசி மூட்டையில் 26 கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்காது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையிலிட்டு லேபிளோடு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. அதனால் ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. 1,400 ரூபாய்க்கு 25 கிலோவும் 1,430 ரூபாய்க்கு 26 கிலோவும் இருந்தால் இரண்டாவதுதான் மலிவு, கிலோ 55 ரூபாய். மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிட்டால் ஏறிவிட்டது போலத் தோன்றும். பொட்டலப் பொருள்களில் எம்ஆர்பி-க்குப் பக்கத்தில் கிராமுக்கோ மில்லி லிட்டருக்கோ எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கூட்டத்துக்கு நாலு காலிப் பாக்கெட் கொண்டுவந்து, அந்த எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி.

ரேஷன் தனிக் கணக்கு

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். கடை விலை எப்படிப் போனாலும் இந்த விலை பல வருடமாக அப்படியே இருக்கிறது. அதனால்தான் கூடைக்கு வெளியே வைக்கச் சொன்னது. ஆனால் ஒரு மாதம் பருப்பும் எண்ணெயும் வராமல் போனால், அல்லது கூலி வேலைக்குப் போனதால் வாங்கத் தவறினால், நம் உதாரண விலைப்படி பருப்புக்கு 135, எண்ணெய்க்கு 125, ஆக 260 ரூபாய் கூடுதலாகக் கடையில் கொடுக்க வேண்டிவரும். வருடம் முழுக்க ஏறிய விலைவாசியால் கூடியதே 400-தான். ஒரு மாதம் ரேஷன் தவறினால் அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பில் ஏறியதும், ‘விலைவாசி’ என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த மாதம் ரேஷன் வாங்கினோமா என்று பார்க்க வேண்டும்.

அந்த நானூறுக்குக் கடன் வாங்கலாமா?

உறுப்பினர்கள் உள்கடன் கேட்கும்போது ‘வீட்டுச் செலவு’ என்று எழுதுவார்கள். அதற்குள் இந்த நானூறு ஒளிந்திருக்கும். தக்காளி போன்ற போய்வரும் விலைக்கு ஓரிரு மாதம் கைமாற்று வாங்கினால் விலை இறங்கியதும் அடைத்துவிடலாம். புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைத்தும் சமாளிக்கலாம். நின்றுவிடும் விலைக்குக் கடன் வாங்கினால் அடுத்த மாதமும் அதே பள்ளம் இருக்கும், கூடவே தவணையும் இருக்கும். மாதம் 400 வீதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் எடுத்துக்கொண்டே போனால் வருட முடிவில் அசல் 4,800, வட்டி 312, ஆக 5,112 ரூபாய். ஒரு மாத மளிகையைவிட அதிகம், அதுவும் சாப்பிட்டு முடித்த பொருளுக்கு. குழுவின் ஊக்குநர் கடன் மனுவைப் பார்க்கும்போது, “இது இறங்குற விலையா, நிக்கிற விலையா?” என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிப் பேருக்கு வழி தெளிவாகும்.

சேர்ந்து மொத்தமாக வாங்குவது நின்றுவிடும் விலைக்கு உதவும். பன்னிரண்டு வீடு மாதம் மூன்று லிட்டர் வீதம் வாங்கினால் 36 லிட்டர், இரண்டு டின்னுக்கு மேல். அரிசியும் அப்படியே. பருப்பைச் சேர்த்துவைப்பதில் எச்சரிக்கை வேண்டும். நன்றாகக் காயவைக்காமல் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தால் வண்டு விழும், மிச்சம் பிடித்த பணம் அதோடு போகும். யார் எடை போடுவது, யார் பணம் வசூலிப்பது, குறைந்தால் யார் பொறுப்பு என்பதைத் தீர்மான நோட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். குழுக்களில் மொத்தக் கொள்முதல் நின்றுபோவது பெரும்பாலும் எடைச் சண்டையால்தான்.

பலகையை அழிப்பதற்கு முன் ஏழு பொருளின் இன்றைய விலையையும் தேதியையும் கூட்டக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். கடையின் பெயரையும் அரிசியின் ரகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். அடுத்த வருடம் வேறு கடையில், வேறு ரகத்தின் விலையைக் கேட்டு ஒப்பிட்டால் ஏறியது விலையா, ரகமா என்று தெரியாது.